இந்தத் தீபாவளிக்கா, அடுத்த தீபாவளிக்கா?

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில் பட்டாசு ஆலை நடத்தும் ஒருவர், புதிய சரக்கு ஒன்றை வரும் தீபாவளிக்கே சந்தைக்குக் கொண்டுவருவதா, ஓராண்டு பொறுத்திருப்பதா என்று தீர்மானிக்க வேண்டிய காலம் தீபாவளியை நெருங்கிய மாதங்களில் அமைவதில்லை. முந்தைய பருவத்தின் வசூல் வந்து சேர்ந்து, மருந்துப் பொருள்களுக்கும் காகிதத்துக்கும் அட்டைப் பெட்டிக்கும் முன்பணம் கொடுக்க வேண்டிய மாசி, பங்குனி மாதங்களிலேயே அது பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. ஆடிப்பெருக்கன்று பூசை போட்டு அந்த ஆண்டின் விற்பனையைத் தொடங்கும்போது, அந்த முடிவின் பெரும்பகுதி பெட்டிகளாகக் கிட்டங்கியில் அடுக்கப்பட்டிருக்கும். ஆறேழு மாதம் கழித்து நடக்கவிருப்பதை நம்பி எடுக்கப்படும் இத்தகைய முடிவை மனக்கணக்காக வைத்துக்கொள்ளாமல் தாளில் வரைந்து பார்ப்பதற்கு முடிவு மரம் என்ற முறை உதவுகிறது. எடுக்கக்கூடிய முடிவுகளையும், அவற்றைத் தொடர்ந்து நிகழக்கூடியவற்றையும் கிளைகளாக வரைந்து, ஒவ்வொரு கிளையின் நுனியிலும் கிடைக்கும் லாபத்தையோ நட்டத்தையோ எழுதி, எந்தக் கிளை சராசரியாக அதிகம் தரும் என்று கணக்கிடுவதே அந்த முறையாகும்.

பட்டாசுத் தொழிலில் இந்தக் கேள்வி மிகக் கூர்மையாக எழுந்த காலம் 2019-ஆம் ஆண்டின் முற்பகுதியாகும். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, பச்சை உப்பு என்று தொழிலில் வழங்கும் பேரியம் நைட்ரேட்டைப் பயன்படுத்துவதற்கும் சரவெடிகளுக்கும் தடை விதித்து, புகை குறைந்த பசுமைப் பட்டாசுகளை மட்டுமே தயாரிக்கலாம், விற்கலாம் என்று வரையறுத்தது. கம்பி மத்தாப்பு, புஸ்வாணம், தரைச்சக்கரம் போன்று ஒளியை நம்பி விற்கும் சரக்குகள் பலவற்றில் பச்சை உப்பு இடம்பெற்றிருந்ததால், தீர்ப்பின் சொற்களுக்கு உட்பட்டு எதைச் செய்வது என்று தெரியாமல் அந்த நவம்பரில் ஆலைகள் மூடப்பட்டு, ஏறத்தாழ நான்கு மாதம் கழித்தே மறுபடி திறக்கப்பட்டன. நாக்பூரிலுள்ள தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் புதிய கலவைகளை உருவாக்கிக்கொண்டிருந்தது; வழக்கமான பட்டாசைவிடத் துகள் மாசு சுமார் 30 சதவீதம் குறைய வேண்டும் என்பது அவற்றின் அளவுகோலாக இருந்தது. அந்தக் கலவையைப் பெற ஒப்பந்தம் செய்து, மாதிரிகளைச் சோதனைக்கு அனுப்பி, சான்று பெற்று, வெடிபொருள் பாதுகாப்புத் துறையின் ஒப்புதலையும் வாங்கிய பின்னரே ஒரு சரக்கைப் பசுமைப் பட்டாசு என்று பெட்டியில் அச்சிட முடியும். ஆகவே, சான்றுகள் எப்போது கைக்கு வரும் என்று தெரியாத நிலையில் 2019 தீபாவளிக்கே பசுமைப் புஸ்வாணத்தைக் கொண்டுவர முதலீடு செய்வதா, அல்லது எல்லாம் தெளிவான பிறகு 2020 தீபாவளிக்குச் செய்வதா என்ற கேள்வி ஒவ்வொரு சிறு ஆலையின் முன்னும் நின்றது.

இக்கட்டுரை அந்தக் கேள்வியை ஒரு கற்பனை ஆலையின் வழியாக வரைந்து பார்க்கிறது. விஸ்வநத்தத்தில் ஏறத்தாழ 100 பேர் வேலைசெய்யும் ஒரு நடுத்தர ஆலை என்று அதனைக் கொள்ளலாம். கீழே வரும் ரூபாய் அளவுகளும் நிகழ்தகவுகளும் கணக்கை விளக்குவதற்காக எடுத்துக்கொள்ளப்பட்டவையே தவிர, எந்த ஆலையின் ஏட்டிலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல. ஆனால் நாள்களும் தீர்ப்புகளும் நடந்தவையாகும்.

மரத்தை வரைதல்

முடிவு மரம் இடமிருந்து வலமாக வரையப்படுகிறது. ஆலை உரிமையாளரின் கையில் இருக்கும் தேர்வு ஒரு சதுரத்தால் குறிக்கப்படுகிறது. அதற்கு முடிவுக் கணு என்று பெயர். அவர் கையில் இல்லாதது, அதாவது சான்று நேரத்துக்கு வருமா, வட மாநிலங்களில் விற்பனைக்குத் தடை வருமா என்பது, ஒரு வட்டத்தால் குறிக்கப்படுகிறது. அது வாய்ப்புக் கணு எனப்படும். வட்டத்திலிருந்து புறப்படும் ஒவ்வொரு கிளையின் மீதும் அது நடப்பதற்கான நிகழ்தகவு எழுதப்படுகிறது. ஒரே வட்டத்திலிருந்து கிளம்பும் நிகழ்தகவுகளைக் கூட்டினால் 1 வர வேண்டும், வராவிட்டால் ஏதோ ஒரு நிகழ்ச்சி விடுபட்டிருக்கிறது அல்லது ஒன்று இருமுறை எண்ணப்பட்டிருக்கிறது என்று பொருள். கிளைகளின் நுனியில் பணம் எழுதப்படுகிறது. வரைவது இடமிருந்து வலமாக நடந்தாலும் கணக்கிடுவது வலமிருந்து இடமாக நடக்கிறது: ஒவ்வொரு வட்டத்திலும் நுனிப் பணத்தை அதன் நிகழ்தகவால் பெருக்கிக் கூட்டினால் எதிர்பார்ப்பு மதிப்பு கிடைக்கிறது, ஒவ்வொரு சதுரத்திலும் அம்மதிப்பு அதிகமுள்ள கிளை வைத்துக்கொள்ளப்பட்டு மற்றவை வெட்டப்படுகின்றன.

முதல் சதுரத்திலிருந்து இரண்டு கிளைகள் கிளம்புகின்றன. இரண்டையும் ஒரே கால அளவுக்குள் வைத்து ஒப்பிட வேண்டும் என்பதால், 2019, 2020 ஆகிய இரண்டு தீபாவளிகளும் முடிந்து வசூலும் வந்த பின் கையில் நிற்கும் தொகையே ஒவ்வொரு நுனியிலும் எழுதப்படுகிறது. ஒரு கிளையில் ஓராண்டு லாபத்தையும் இன்னொன்றில் ஈராண்டு லாபத்தையும் எழுதிவிட்டு ஒப்பிடுவது இம்மரத்தில் அடிக்கடி நேரும் பிழையாகும்.

இந்த ஆண்டே இறங்கும் கிளையில் ஒரு வட்டமும் மூன்று நுனிகளும் உள்ளன. ஆடிப்பெருக்குக்கு முன்பே சான்று வந்து, முக்கியமான சந்தைகளும் திறந்திருந்தால் இரண்டு பருவங்களில் 70 லட்சம் ரூபாய் லாபம் என்றும், அதற்கு நிகழ்தகவு 0.5 என்றும் கொள்ளலாம். சான்று புரட்டாசியில் வந்து, லாரிகள் வடக்கே போகும் காலம் கடந்துவிட்டால், முதல் ஆண்டுச் சரக்கைத் தள்ளுபடியில் தமிழ்நாட்டுச் சில்லறைக் கடைகளுக்குத் தள்ள வேண்டியிருக்கும். லாபம் 10 லட்சம், நிகழ்தகவு 0.3. தடைகள் விரிந்து, சரக்கு கிட்டங்கியில் தங்கி நமுத்துப்போகும் நிலை வந்தால் 40 லட்சம் நட்டம், நிகழ்தகவு 0.2. இவற்றைப் பெருக்கிக் கூட்டினால் கிடைப்பது:

0.5 × 70 + 0.3 × 10 + 0.2 × (−40) = 35 + 3 − 8 = 30

ஆகவே இறங்கும் கிளையின் எதிர்பார்ப்பு மதிப்பு 30 லட்சம். இந்த 30 லட்சம் எந்த நுனியிலும் எழுதப்பட்ட தொகையன்று, எந்த ஆண்டிலும் அப்படியே கைக்கு வரப்போவதும் அன்று. இதே நிலையைப் பலமுறை சந்தித்தால் ஒரு முறைக்குச் சராசரியாக எவ்வளவு நிற்கும் என்பதையே அது குறிக்கிறது.

பொறுத்திருக்கும் கிளையில் முதலில் எழுத வேண்டியது காத்திருப்பின் செலவு. உரிமத்தைப் புதுப்பிப்பது, காவல், வட்டி, போர்மேன் சம்பளம், தொழிலாளர்களிடம் நிற்கும் முன்பணம் ஆகியவை உற்பத்தி நடந்தாலும் நடக்காவிட்டாலும் நிற்பதில்லை. அவை 12 லட்சம் என்று கொள்ளலாம். ஓராண்டு கழித்து விதிகள் சாதகமாகத் தெளிந்தால் இறங்கலாம். அப்போது ஒரு பருவ லாபம் மட்டுமே கிடைப்பதாலும், முந்திக்கொண்டவர்களிடம் மொத்த வியாபாரிகள் சிலர் போயிருப்பார்கள் என்பதாலும் அது 50 லட்சம். அப்படித் தெளிவதற்கு நிகழ்தகவு 0.6. பாதகமாகத் தெளிந்தால் இறங்காமல் விட்டுவிடலாம்; அதனால் வேறு நட்டமில்லை. எனவே:

0.6 × 50 + 0.4 × 0 − 12 = 18

30-க்கும் 18-க்கும் இடையே முடிவு எளிதாகத் தெரிகிறது. ஆனால் இந்த 18-ஐ வந்த இடம் வரை பின்தொடர்ந்து பார்த்தால், அது காத்திருப்பவருக்கு மிகத் தாராளமாகப் போடப்பட்ட எண் என்பது புலப்படும்.

வட்டம் எந்த இடத்தில் நிற்கிறது

காத்திருப்பதனால் கிடைக்கும் பலன் ஒன்றே ஒன்றுதான்: இன்று தெரியாத ஏதோ ஒன்று நாளைய முடிவுக்கு முன் தெரிந்துவிட வேண்டும். 18 லட்சம் என்ற கணக்கில் இரண்டாம் ஆண்டு வட்டம் இரண்டாம் ஆண்டுச் சதுரத்துக்கு இடப்புறம் வரையப்பட்டிருக்கிறது. அதாவது, முதலில் விதி தெளிகிறது, பிறகு உரிமையாளர் தீர்மானிக்கிறார். வட்டத்தையும் சதுரத்தையும் இடம் மாற்றி வரைந்தால், ஓராண்டு கழித்தும் அவர் தெரியாமலேயே இறங்க வேண்டியவராகிறார். அப்போது பாதகமான கிளையில் 0-க்குப் பதிலாக, ஒரு பருவத்தின் சரக்கு தேங்கிய நட்டமாக 30 லட்சத்தை எழுத வேண்டும்:

0.6 × 50 + 0.4 × (−30) − 12 = 6

18-க்கும் 6-க்கும் இடையேயுள்ள 12 லட்சமே அந்தத் தெளிவின் விலை. முடிவெடுப்பியலில் இது தகவலின் மதிப்பு எனப்படுகிறது. இந்த எடுத்துக்காட்டில் அது காத்திருக்கும் செலவான 12 லட்சத்துக்குச் சமமாக இருக்கிறது. ஆகவே தெளிவு நிச்சயமாக வரும் என்று வைத்துக்கொண்டாலும், காத்திருப்பவர் அதற்குரிய முழு விலையையும் கொடுத்தே அதனை வாங்குகிறார்.

இனி, தெளிவு உண்மையில் எப்போது வந்தது என்பதை நாள்காட்டியில் பார்க்க வேண்டும். 2017-இல் தேசியத் தலைநகர் வட்டாரத்தில் விற்பனையை நிறுத்திய ஆணை அக்டோபர் 9 அன்று வந்தது. தீபாவளிக்கு அப்போது பத்து நாள்கூட முழுதாக இல்லை. 2018-இன் பெரிய தீர்ப்பு அக்டோபர் 23 அன்று வந்தது. தமிழ்நாட்டில் தீபாவளி நவம்பர் 6. 2019-இல் பசுமைப் பட்டாசுகள் முறைப்படி அறிமுகம் செய்யப்பட்ட நாள் அக்டோபர் 5. தீபாவளி அக்டோபர் 27. 2020-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலைநகர் வட்டாரம் முழுவதற்கும், காற்றின் தரம் கெட்டிருந்த பிற நகரங்களுக்கும் தடை விதித்தது நவம்பர் 9 அன்று. தீபாவளி நவம்பர் 14. 2021-இல் பேரியத் தடையை உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதிசெய்தது அக்டோபர் 29 அன்று. தீபாவளி நவம்பர் 4. இத்தனை ஆண்டுகளிலும் வட்டம் ஐப்பசியை ஒட்டியே நின்றது. சதுரமோ மாசியில், பங்குனியில் நின்றது. வழக்கு விசாரணையின் இயல்பும் குளிர்காலக் காற்று மாசின் இயல்பும் கேள்வியைத் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் எழுப்புகின்றன என்பதால் இதில் யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் மரத்தை வரைபவர் இந்த வரிசையை மாற்றி, தெளிவு முன்னே வந்துவிடும் என்று கற்பனை செய்துகொண்டால், காத்திருக்கும் கிளைக்கு அதற்கு இல்லாத 12 லட்சத்தைத் தானமாகக் கொடுத்தவராகிறார்.

2019-இல் பொறுத்திருந்து 2020-க்குத் தயாரானவர்களுக்கு நேர்ந்ததும் இதுவே. மார்ச் இறுதியில் வந்த ஊரடங்கில் ஆலைகள் நின்றன; பிறகு திறந்து ஓடிய ஆலைகளின் சரக்கு வடக்கே சென்று சேர்ந்திருந்த நேரத்தில் ராஜஸ்தான், டெல்லி, ஒடிசா முதலிய மாநிலங்களில் தடை அறிவிப்புகள் அடுத்தடுத்து வந்தன. பெருந்தொற்றை 2019-இல் எவரும் கிளையாக வரைந்திருக்க முடியாது. ஆனால் மாநிலத் தடைகளை வரைந்திருக்க முடியும், வரைந்திருக்க வேண்டும்.

எவ்வளவு நம்பினால் போதும்

0.5 என்ற நிகழ்தகவு எங்கிருந்து வந்தது என்று எந்த ஆலை உரிமையாளரும் கேட்பார், கேட்க வேண்டும். தடைகளுக்கு நீண்டகாலப் பதிவு கிடையாது. நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதுபோல் எண்ணிச் சொல்லக்கூடிய நிகழ்தகவு இது அன்று. இந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டால் விடை எளிதாகிறது: சாதகமான கிளையின் நிகழ்தகவு எந்த அளவுக்குக் கீழே போனால் முடிவு மாறும்? நடுக்கிளையை 0.3 என்றே வைத்துக்கொண்டு, சாதகத்தின் நிகழ்தகவை p என்றும் பாதகத்தினுடையதை 0.7 − p என்றும் எழுதினால், இறங்கும் கிளையின் மதிப்பு 110p − 25 என்று சுருங்குகிறது. அதனைக் காத்திருக்கும் கிளையின் 18-க்குச் சமமாக்கினால் p ஏறத்தாழ 0.39, தெளிவு வராத காத்திருப்பின் 6-க்குச் சமமாக்கினால் p ஏறத்தாழ 0.28. ஆக, சாதகமான நிலைக்கு நூற்றுக்கு நாற்பது வாய்ப்பாவது உண்டா என்பதற்கு ஆம் அல்லது இல்லை என்று சொல்ல முடிந்தால் போதும். அது 50-ஆ, 55-ஆ என்று வாதிட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை. சான்று பெறும் வரிசையில் தம்முடைய மாதிரி எத்தனையாவது இடத்தில் நிற்கிறது, வட மாநில மொத்த வியாபாரிகளில் எத்தனை பேர் இன்னும் முன்பணம் அனுப்புகிறார்கள் என்பவற்றை வைத்து இந்த அளவுக்கு ஊகிப்பது தொழிலில் பழகியவருக்கு இயலாததன்று.

மரத்துக்கு ஒவ்வாத ஒரு பழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பழைய சரக்குக்காக ஏற்கெனவே அச்சடித்த அட்டைப் பெட்டிகள், வாங்கி வைத்த பச்சை உப்பு ஆகியவற்றின் விலையை ஏதோ ஒரு கிளையில் நட்டமாக எழுதும் வழக்கம் உண்டு. எந்த முடிவை எடுத்தாலும் அந்தப் பணம் திரும்பப் போவதில்லை என்பதால் அது எந்தக் கிளையிலும் வரக்கூடாது. விற்றுக் கழிக்கக்கூடிய தொகை ஏதேனும் இருந்தால், அது மட்டும் விற்கக்கூடிய கிளையில் வரலாம்.

எதிர்பார்ப்பு மதிப்புக்கு ஒரு வரம்பும் உண்டு. அது பலமுறை ஆடும் ஆட்டத்தின் சராசரி. சிறு ஆலைக்கோ ஒரு பருவம் தவறினால் அடுத்த பருவமே இல்லாமல் போகலாம். 40 லட்சம் நட்டம் என்ற நுனியை, சொந்த முதலாக 25 லட்சம் மட்டுமே வைத்திருப்பவர் தாங்க மாட்டார். மீதியெல்லாம் மருந்துப் பொருள் வியாபாரிகளிடம் பட்ட கடனாக நிற்கும். அப்படிப்பட்டவருக்கு மூன்றாவது கிளை ஒன்றை வரைவது தகும்: ஒரே ஒரு ரகத்தை, ஒன்றிரண்டு அறைகளில் மட்டும், இந்த ஆண்டே செய்வது. சாதகமானால் 30 லட்சம், தாமதமானால் 8 லட்சம், பாதகமானால் 12 லட்சம் நட்டம் என்று கொண்டால், அதே நிகழ்தகவுகளில்:

0.5 × 30 + 0.3 × 8 + 0.2 × (−12) = 15 + 2.4 − 2.4 = 15

இந்த 15 லட்சம், முழுமையாக இறங்குவதன் 30-க்குப் பாதிதான். ஆனால் இதில் வரக்கூடிய மிகப் பெரிய நட்டமான 12 லட்சம், எதையும் செய்யாமல் ஓராண்டு சும்மா இருந்தாலே போகும் தொகைக்குச் சமம் என்பதைக் கவனிக்க வேண்டும். முதலில் இறங்குபவர்கள் தடுமாறுவதைப் பார்த்துப் பின்னால் வருபவர்கள் பாடம் கற்றுக்கொள்ளலாம் என்று கூறுவோரும் உண்டு. கலவையின் ஈரப்பதத்தையும் வண்ணத்தின் மங்கலையும் தம்முடைய அறையில் தம்முடைய கைகளால் செய்துதான் அறிய முடியும் என்பதால், அந்தப் பாடம் அடுத்த ஆலையிலிருந்து எளிதில் வந்து சேர்வதில்லை.

கூலி எந்தக் கிளையில் எழுதப்படுகிறது

இதுவரை வரைந்த மரம் ஆலை உரிமையாளரின் மரம். அதன் நுனிகளில் எழுதப்பட்ட ஒவ்வொரு ரூபாயும் அவருடைய பணம். காத்திருக்கும் கிளைக்கு 12 லட்சம் மட்டுமே செலவு என்ற எண்ணை, அந்த ஆலையில் வேலைசெய்யும் 100 பேர் பார்த்தால் அவர்களுக்கு அது புரியாது. ஏனென்றால் அவர்களுடைய இழப்பு அதில் ஒரு ரூபாயாகக்கூட இல்லை. நாள் கூலி 450 ரூபாய் என்றும், அந்த ஆண்டு இழக்கும் வேலைநாள்கள் 200 என்றும் கொண்டால், 100 பேருக்குமாகச் சேர்த்து இழப்பு 90 லட்சம் ரூபாய். ஊர் முழுவதற்குமாக ஒரே மரம் வரையப்பட்டால் காத்திருப்பின் செலவு 12 அன்று, 102. அப்போது 18 என்று நின்ற எதிர்பார்ப்பு மதிப்பு 72 லட்சம் நட்டமாக மாறிவிடும். வேறு வேலையில் ஈட்டும் கூலியைக் கழித்தால் இது குறையும் என்பது உண்மையே. ஆனால் விருதுநகர் மாவட்டத்தின் மானாவாரி நிலத்தில் வேறு வேலை எவ்வளவு கிடைத்துவிடும் என்பதும் தெரிந்ததே. குழாய் சுருட்டுவதும் திரி செருகுவதும் பெட்டியில் அடுக்குவதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. பஞ்சாலைக்கோ கட்டட வேலைக்கோ வெளியூர் செல்ல அவர்களில் பலரால் இயலாது.

இந்த 90 லட்சத்தை உரிமையாளர் தம் மரத்தில் ஏன் எழுத வேண்டும் என்று கேட்கப்படலாம். அறத்தைச் சற்று ஒதுக்கி வைத்து, அவருடைய பணத்தை மட்டும் எண்ணினாலும் அதன் ஒரு பகுதி அவருடைய மரத்துக்குள் வந்தே தீரும். 2018 நவம்பர் முதல் ஆலைகள் மூடிக்கிடந்த நான்கு மாதங்களிலேயே வெளியூர் வேலைக்குச் சென்றவர்கள் உண்டு. ஓராண்டு நிறுத்தினால், மருந்து கலக்கவும் செலுத்தவும் பழகிய கைகள் திரும்பி வருவது உறுதியில்லை. அவர்களில் பாதிப் பேர் வராமற்போனால், இரண்டாம் ஆண்டில் விதி சாதகமாக இருந்தாலும் உற்பத்தி குறைந்து, 50 லட்சம் என்று எழுதிய லாபம் 35 லட்சமாகலாம். அப்போது காத்திருக்கும் கிளை, தெளிவு முன்கூட்டியே வந்துவிடும் என்ற தாராளமான கணக்கில்கூட:

0.6 × 35 − 12 = 9

தெளிவு வராமல் இறங்கினால் அது 9-இலிருந்தும் இறங்கி 3 லட்சம் நட்டமாகிறது.

பணத்துக்கு அப்பால் இன்னொன்றும் இருக்கிறது. இந்த மரத்தில் எழுதப்படாதவற்றில் அதுவே மிகவும் கவலைக்குரியது. திரும்பி வராத கைகளுக்குப் பதிலாகப் புதிய கைகள் வரும். ஓர் அறையில் இத்தனை பேர்தான் இருக்க வேண்டும், இத்தனை கிலோ மருந்துதான் இருக்க வேண்டும், கலந்த மருந்தை அன்றே பயன்படுத்திவிட வேண்டும் என்ற விதிகள் தாளில் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் மருந்தைச் செலுத்தும்போது எந்த அளவு அழுத்தினால் உராய்வு ஏற்படும் என்பது விதியில் இல்லை, கையில் இருக்கிறது. பச்சை உப்பு நீக்கப்பட்ட புதிய கலவை பழகிய கைக்கே புதியது. பழகாத கையும் பழகாத கலவையும், ஓராண்டு இழந்ததை ஈடுகட்ட வேண்டிய அவசரமும், ஆவணி, புரட்டாசி மாதங்களில் ஒரே அறைக்குள் சேர்கின்றன. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த விபத்தும் தீபாவளிக்கு இரண்டு மாதம் இருந்தபோது, உற்பத்தி உச்சத்தில் இருந்த காலத்தில்தான் நடந்தது. ஓர் உயிரிழப்பை லட்சங்களாக மாற்றி நுனியில் எழுதலாம் என்று சொல்லும் பாடநூல்கள் உண்டு. அப்படி எழுதும் எண், இழப்பீட்டுத் தொகையையும் ஆலை மூடப்படும் மாதங்களின் நட்டத்தையும் மட்டுமே காட்டும் என்பதால், அந்தக் கிளையை எண்ணின்றி, விபத்து என்ற சொல்லோடு மட்டும் வரைந்து வைப்பதே நேர்மையான முறையாகும். அந்தச் சொல் எந்தக் கிளையில் எத்தனை முறை வருகிறது என்பதைப் பார்த்தாலே போதுமானது: இந்த ஆண்டே பெரிய அளவில், சான்று வராமல் கடைசி மாதங்களில் விரட்டிச் செய்யும் கிளையிலும் அது வருகிறது, ஓராண்டு நிறுத்திவிட்டுப் புதிய கைகளோடு தொடங்கும் கிளையிலும் வருகிறது. ஒரு ரகத்தை, பழகிய நான்கைந்து பேரைக் கொண்டு, பங்குனி மாதத்திலிருந்து நிதானமாகச் செய்யும் மூன்றாவது கிளையில் அது மிகக் குறைவாக வருகிறது. அதன் 15 லட்சத்தை முழுமையாக இறங்குவதன் 30 லட்சத்தோடு வைத்துப் பார்க்கும்போது, இந்த வேறுபாட்டையும் உடன் வைத்துப் பார்க்க வேண்டும்.

காத்திருப்பதென்றே ஓர் ஆலை முடிவெடுத்தால், பழகிய தொழிலாளர்களைத் தக்கவைக்க எவ்வளவு செலவிடலாம் என்பதற்கும் இதே மரம் விடை தருகிறது. அவர்கள் கலைந்துபோனால் 18 லட்சம் 9 லட்சமாகக் குறைகிறது. ஆகவே அவர்களைத் தக்கவைப்பது உரிமையாளருக்கு 9 லட்சம் ரூபாய் பெறும். அதற்கு மேல் கொடுத்தால் அவருடைய கணக்கில் நட்டம். 9 லட்சத்தை 100 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 9,000 ரூபாய், அதாவது 20 நாள் கூலி. வேலை இல்லாமல் போவதோ 200 நாள். 20 நாள் கூலியை முன்பணமாக வாங்கிக்கொண்டு மீதி 180 நாளும் வேறெங்கும் போகாமல் ஆலைக்காகக் காத்திருக்கும்படி விஸ்வநத்தத்தில் எந்தக் குடும்பத்தையும் கேட்க முடியாது என்பதால், காத்திருக்கும் கிளையில் எழுத வேண்டிய எண் 18 அன்று, 9-ம் அதற்குக் கீழுமே.